முலான் கேள்வி பதில்: பாட்டில் இருந்தவளும் படத்தில் இருப்பவளும்

முலான் நிஜமாகவே வாழ்ந்தவளா?

அப்பாவுக்குப் பதிலாக ஆண் வேடத்தில் போருக்குப் போன சீனக் கதை நாயகி முலான், நிஜமாக வாழ்ந்தாள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அந்தக் காலத்து வரலாற்று நூல்கள் எதிலும் அவள் பெயர் கிடையாது. கல்லறை, கல்வெட்டு என்று காட்ட சில ஊர்கள் போட்டி போடுகின்றன, ஆனால் எல்லாமே பிற்காலத்தவை. நம்மிடம் இருக்கும் மிகப் பழைய பொருள் ஒரு நாட்டுப் பாட்டு. சுமார் 60 அடி, சீனத்தில் 300 எழுத்துகளுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். வடக்கு வெய் அரசு (கி.பி. 386 முதல் 534 வரை) இருந்த காலத்திலோ அதை ஒட்டியோ பிறந்திருக்கலாம் என்பது பெரும்பாலோர் கருத்து. இப்போது நாம் படிக்கும் வடிவம் சோங் அரசு காலத்தில் குவோ மாவோசியான் என்பவர் தொகுத்த பாடல் திரட்டில் இருக்கிறது. இடையில் பல நூற்றாண்டுகள் ஓடிவிட்டன, யார் யார் கை பட்டதோ. முலானுக்குப் பன்னிரண்டு படி உயர்ந்த வீர விருது கிடைத்ததாகப் பாட்டு சொல்கிறது, அந்தப் பன்னிரண்டு படி முறை வடக்கு வெய்க்குப் பின்னால் வந்த தாங் அரசு காலத்தது. யாரோ நடுவில் மெருகேற்றியிருக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு தடயம்.

பழைய பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

தறிச் சத்தத்தில் ஆரம்பிக்கிறது. இல்லை, தறிச் சத்தம் கேட்காததில் ஆரம்பிக்கிறது. வாசலைப் பார்த்து உட்கார்ந்து நெய்கிற பெண்ணிடமிருந்து பெருமூச்சு மட்டும் கேட்கிறது. என்னம்மா யோசனை, யார் நினைப்பு என்று கேட்கிறார்கள். யோசனையும் இல்லை, யார் நினைப்பும் இல்லை என்கிறாள். (காதல் பாட்டு வரப்போகிறது என்று நினைத்தவர்களுக்கு முதல் ஏமாற்றம்.) நேற்று ராத்திரி படைக்கு ஆள் எடுக்கும் ஓலை பார்த்தேன், அரசரான ககான் ஆள் திரட்டுகிறார், பன்னிரண்டு சுருள், ஒவ்வொரு சுருளிலும் அப்பா பெயர், அப்பாவுக்குப் பெரிய மகன் இல்லை, எனக்கு அண்ணன் இல்லை, நான் போகிறேன். முடிவு எடுத்தாயிற்று. யாரும் அழவில்லை, தடுக்கவில்லை, அவளும் திருட்டுத்தனமாகக் கிளம்பவில்லை.

அப்புறம் கடைவீதி. கிழக்குச் சந்தையில் குதிரை, மேற்குச் சந்தையில் சேணம், தெற்கில் கடிவாளம், வடக்கில் நீளச் சாட்டை. ஒரே கடையில் வாங்கக் கூடாதா என்று கேட்கக் கூடாது, இது பாட்டு. ஆனால் ஒரு நிஜமும் இதில் ஒளிந்திருக்கிறது: படைக்குப் போகிறவன் தன் சாமானைத் தானே வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்த உலகம் அது. அப்பா போவது என்றால் ஆள் மட்டும் போவதில்லை, வீட்டுக் காசும் போகிறது.

காலையில் பெற்றோரிடம் விடைபெற்று, இரவு மஞ்சள் நதிக் கரையில் தங்குகிறாள். மகளைக் கூப்பிடும் அப்பா அம்மா குரல் கேட்கவில்லை, தண்ணீர் சலசலப்பு மட்டும் கேட்கிறது. மறுநாள் இரவு கருமலை அடிவாரம். அங்கேயும் அவர்கள் குரல் இல்லை, எதிரிக் குதிரைகளின் கனைப்புதான். இந்த இரண்டு இரவுகளுக்குப் பாட்டு கொடுக்கும் இடம் மொத்தப் போருக்கும் கொடுக்கும் இடத்தைவிட அதிகம்.

போர்க் காட்சியே இல்லையா? எத்தனை பேரை வெட்டினாள்?

கணக்கே இல்லை. போருக்கு மொத்தம் ஆறு அடி. பத்தாயிரம் காத தூரம் போனார்கள், மலைகளையும் கணவாய்களையும் பறந்த மாதிரி தாண்டினார்கள், வடக்குக் குளிரில் காவல் மணியோசை வந்தது, இரும்புக் கவசத்தில் பனி நிலா வெளிச்சம் பட்டது, தளபதிகள் நூறு போரில் செத்தார்கள், வீரர்கள் பத்து வருடம் கழித்துத் திரும்பினார்கள். முடிந்தது. முலான் வாள் ஓங்கும் ஒரு சித்திரம்கூடக் கிடையாது. எதிரி யார் என்றுகூடப் பெயர் சொல்வதில்லை. வடக்கே இருந்த ரௌரான் நாடோடிகளாக இருக்கலாம் என்று நாம் காலத்தை வைத்து ஊகிக்கிறோம்.

வில்லன் வேண்டும், ஒற்றைக்கு ஒற்றை சண்டை வேண்டும் என்பதெல்லாம் மேடையின் தேவை, பிறகு சினிமாவின் தேவை. பாட்டுக்கு அது தேவைப்படவில்லை.

பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்தவர்களுக்குத் தெரியாமல் போகுமா? லாஜிக் இடிக்கிறதே?

இடிக்கிறது என்று பாட்டுக்கும் தெரியும், அதை வைத்துத்தான் முடிவில் விளையாடுகிறது. வருடக் கணக்கு மட்டும் பாட்டிலேயே ஓரிடத்தில் பத்து, கடைசியில் பன்னிரண்டு.

ஊருக்கு வந்த முலானை வரவேற்கும் இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஊர் மதிலுக்கு வெளியே வந்து நிற்கிறார்கள். அக்கா வாசலில் நின்று அலங்காரம் செய்துகொள்கிறாள். தம்பி பன்றிக்கும் ஆட்டுக்கும் கத்தி தீட்டுகிறான், சரக் சரக் என்று அந்த ஓசையும் வரியில் இருக்கிறது. அவள் போனபோது கணக்கில் வராத சின்னப் பையன், இப்போது கத்தி பிடிக்கும் வயது. எத்தனை வருடம் ஓடிவிட்டது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது.

தன் அறைக் கதவைத் திறக்கிறாள், தன் கட்டிலில் உட்காருகிறாள், போர் அங்கியைக் கழற்றிப் பழைய உடையைப் போடுகிறாள். ஜன்னல் ஓரம் கூந்தலைச் சரி செய்து, கண்ணாடி பார்த்து நெற்றியில் மஞ்சள் பொட்டு ஒட்டிக்கொள்கிறாள், அந்தக் காலத்து வடநாட்டு ஃபேஷன் அது. பிறகு வெளியே வருகிறாள். கூட வந்த தோழர்கள் அதிர்ந்துபோகிறார்கள்: பன்னிரண்டு வருடம் சேர்ந்து நடந்தோம், முலான் பெண் என்று தெரியாமல் போயிற்றே! இங்கே தோழர்களுக்கு வரும் சொல்லுக்கு ‘ஒரே நெருப்பைப் பங்கிட்டவர்கள்’ என்று பொருள். ஓர் அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் சிறு படைக்குழு. அவ்வளவு நெருக்கமானவர்களுக்கே தெரியவில்லை.

கடைசியில் முயல் உவமை. ஆண் முயல் காலை உதைக்கும், பெண் முயல் கண்ணை இடுக்கும், ஆனால் இரண்டும் தரையோடு தரையாக ஓடும்போது எது ஆண், எது பெண் என்று யார் சொல்ல முடியும்? பாட்டு இதோடு நின்றுவிடுகிறது. காதைப் பிடித்துத் தூக்கினால்தான் முயல் காலை உதைக்கும், கண்ணை இடுக்கும் என்று இதற்கு உரை சொல்வார்கள். அதாவது சும்மா நிறுத்திப் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், ஓட்டத்தில் தெரியாது. எனக்கு இந்த முடிவு எத்தனை தடவை படித்தாலும் அலுப்பதில்லை. எப்படி மறைத்தாய் என்ற கேள்விக்கு விளக்கம் தராமல், உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்று கேள்வியைத் திருப்பிவிடுகிறது.

அப்படியென்றால் பெண் என்று தெரிந்ததும் தண்டனை எதுவும் இல்லையா? டிஸ்னி படத்தில் கொல்லப் போவார்களே?

இல்லவே இல்லை. மாட்டிக்கொள்வதும் இல்லை. அவளாகவே காட்டுகிறாள், அதுவும் எல்லாம் முடிந்து, விருது வாங்கி, வீட்டுக்கு வந்த பிறகு, தன் வாசலில் வைத்து. பழைய பாட்டுக்கும் புதிய படத்துக்கும் நடுவில் இருக்கும் பெரிய வேறுபாடு என்னைக் கேட்டால் இதுதான், வாள் வீச்சு எல்லாம் அப்புறம்.

1998இல் வந்த கார்ட்டூன் படத்தில் பனிச்சரிவுச் சண்டையில் காயம்படுகிறாள், மருத்துவர் கட்டுப் போடும்போது விஷயம் வெளியே வருகிறது, சட்டப்படி மரண தண்டனை, தளபதி உயிரை மட்டும் விட்டுவிட்டுப் பனியில் அவளைத் தனியாக விட்டுப் போகிறான். பாதிப் படத்தில் ரகசியம் உடைய வேண்டும், நாயகி எல்லாவற்றையும் இழக்க வேண்டும், மறுபடி எழுந்து நிரூபிக்க வேண்டும் என்பது ஹாலிவுட் திரைக்கதை இலக்கணம். நல்ல படம்தான், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அதன் விளைவாக முலான் இரண்டு தடவை தேர்வு எழுதுகிறாள்: ஆணாக ஒரு தடவை, பெண் என்று தெரிந்த பிறகு ஒரு தடவை. பாட்டில் ஒரே தேர்வுதான், அதன் ரிசல்ட் வந்த பிறகுதான் பெயரே வெளியாகிறது.

இன்னொன்று, படத்தில் அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை, அக்காவும் தம்பியும் காணாமல் போய்விட்டார்கள். தம்பி முழுசாகப் போகவில்லை. அவள் வளர்க்கும் நாய்க்குட்டியின் பெயர் ‘தம்பி’!

கால் கட்டை அவிழ்த்துவிட்டுப் போருக்குப் போனாள் என்கிறார்களே, அது பாட்டில் இல்லையே?

அது 16ஆம் நூற்றாண்டு. மிங் அரசு காலத்தில் சூ வெய் (1521–1593) என்ற எழுத்தாளர் எழுதிய இரண்டே அங்க நாடகம். பாட்டில் கேள்வியே இல்லாத இடங்களில் எல்லாம் இவர் கேள்வி கேட்கிறார், அதனால்தான் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

இவர் காலத்துப் பார்வையாளர்களுக்கு நல்ல வீட்டுப் பெண் என்றால் சின்ன வயதிலேயே துணியால் இறுக்கிக் கட்டிச் சிறுத்த பாதம். வடக்கு வெய் காலத்தில் அந்தப் பழக்கமே கிடையாது, ஆனால் மேடையில் அது இல்லாமல் ஒரு பெண்ணைக் காட்ட முடியாது. அதனால் முலான் மேடையிலேயே உட்கார்ந்து கால் துணியை அவிழ்க்கிறாள், வலிக்கிறது, ஆண் காலணிக்குள் காலைத் திணிக்கிறாள். திரும்பி வந்த பிறகு கல்யாணம் ஆக வேண்டுமே என்ற கவலையும் அவளுக்கு வருகிறது, உடனே சமாதானமும் சொல்லிக்கொள்கிறாள்: பாதத்தைச் சுருக்க எங்கள் வீட்டில் ஒரு கைமருந்து இருக்கிறது, ஊறவைத்தால் முன்னைவிடச் சின்னதாகிவிடும். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத இடம்.

அடுத்தது கற்பு. இத்தனை ஆண்களோடு தின்று உறங்கப் போகிறாயே, வெளிப்படாமல் காப்பாற்றிக்கொள்வாயா என்று அம்மா கேட்கிறாள். கவலைப்படாதே, உனக்குக் கன்னிப் பெண்ணாகவே திரும்பி வருகிறேன் என்கிறாள் மகள். பாட்டில் வரும் அம்மாவுக்கு மகள் உயிரோடு வந்தால் போதுமாக இருந்தது, இந்த அம்மாவுக்கு அது போதவில்லை. கழிப்பிட லாஜிக்கையும் சூ வெய் விடவில்லை: ஹுவா அண்ணன் ஒண்ணுக்குப் போவதைக்கூட யாருக்கும் காட்டமாட்டார் என்று படை ஆட்கள் முலானைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார்கள். கடைசியில் வாங் என்ற படித்த மாப்பிள்ளையோடு கல்யாணம். ‘ஹுவா’ என்ற குடும்பப் பெயரும் இந்த நாடகம் கொடுத்ததுதான்.

ஆக, போருக்குப் போன பெண்ணை எப்படித் திரும்பவும் வீட்டுக்குள் வைப்பது என்ற பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது. பாட்டில் அது பிரச்சினையே இல்லை, தன் கதவைத் தானே திறந்து உள்ளே போனாள்.

முலான் தற்கொலை செய்துகொண்டாள் என்று எங்கோ படித்தேன், உண்மையா?

ஒரு நாவலில் அப்படித்தான். 1695 வாக்கில் வந்த, சு ரென்ஹுவோ எழுதிய சூயி–தாங் கால வரலாற்றுக் கதை. இதில் முலானின் அப்பா துருக்கியர், அம்மா சீனத்தி. அவள் துருக்கிய ககானுக்காகப் போரிட்டுப் பிடிபடுகிறாள். பிடித்தவளும் ஒரு போர்ப் பெண்தான், தோ ஷியான்னியாங், கலகத் தலைவன் ஒருவனின் மகள். இருவரும் உடன்பிறவாச் சகோதரிகளாகச் சத்தியம் செய்துகொள்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் அப்பா இறந்துவிட்டார், அம்மா வேறு கல்யாணம் செய்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து ககான் அவளை அந்தப்புரத்துக்கு அழைக்கிறான். தோழியின் கடிதத்தை உரியவரிடம் சேர்க்கும் பொறுப்பைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, அப்பா சமாதியில் உயிரை விடுகிறாள்.

எழுதப்பட்ட காலத்தையும் பாருங்கள். மிங் அரசு விழுந்து, வடக்கிலிருந்து வந்த மஞ்சுக்கள் ஆண்டுகொண்டிருந்த நேரம். அந்நிய ககான் கூப்பிட்டால் செத்தாலும் போகமாட்டேன் என்கிற முலானை அந்தக் காலத்து வாசகர் வெறும் கதையாக மட்டும் படித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். பழைய பாட்டில் ககான் என்ன வேண்டும் என்று கேட்கிறான், அவள் பதவி வேண்டாம், ஊருக்குப் போக வேகமான வாகனம் ஒன்று போதும் என்கிறாள், அவனும் விட்டுவிடுகிறான். அதே ககான்தான், ஆனால் இவன் விடவில்லை.

அவள் சீனப் பெண்தானே, ககான் எங்கிருந்து வந்தான்?

ககான் என்பது புல்வெளி மக்களின் அரசப் பட்டம். வடக்கு வெய் அரசை ஆண்டவர்களும் ஷியான்பெய் இனத்தின் தூபா குலத்தார். பாட்டில் அரசனை ஓர் இடத்தில் ககான் என்றும் இன்னோர் இடத்தில் சீன வழக்கப்படி வானத்தின் மகன் என்றும் சொல்கிறார்கள், இரண்டு உலகமும் கலந்துகிடந்த எல்லைப் பகுதி. குதிரையேற்றம் அங்கே பெண்களுக்கும் பழக்கமான ஒன்று, ஆகவே முலானுக்குப் படைப் பயிற்சி யார் கொடுத்தார்கள் என்று பாட்டு விளக்காததில் ஆச்சரியமில்லை. பிற்காலச் சீன ஆசிரியர்களுக்குத்தான் அந்த விளக்கம் தேவைப்பட்டது, சூ வெய் நாடகத்தில் அப்பாவே வித்தை கற்றுக்கொடுத்ததாக வரும்.

குடும்பத்துக்காகப் போனாளா, நாட்டுக்காகப் போனாளா?

பாட்டில் அப்பாவுக்காக. நாடு என்ற பேச்சே இல்லை.

நாடு எப்போது நுழைந்தது என்று தேடினால் முதல் அடி தாங் காலத்திலேயே விழுந்திருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் வெய் யுவான்ஃபு என்ற அதிகாரி அதே கதையை வைத்து இன்னொரு பாட்டு எழுதினார். அதன் கடைசியில் நீதி சொல்கிறார்: அமைச்சர்களுக்கும் மகன்களுக்கும் முலானைப் போல மனம் இருந்தால், அரச விசுவாசமும் பெற்றோர் பக்தியும் குறையாமல் இருந்தால், அந்தப் புகழ் எப்படி அழியும் என்று. முயலை எடுத்துவிட்டு உபதேசத்தை வைத்துவிட்டார். அரசு அதிகாரி எழுதினால் வேறு எப்படி இருக்கும்!

முழுசாக நாட்டுக்காரியானது 20ஆம் நூற்றாண்டில். 1939இல் ஷாங்காயில் ‘முலான் படையில் சேர்கிறாள்’ படம் வந்தது, ஊரைச் சுற்றி ஜப்பான் படை நின்றுகொண்டிருந்தது. எல்லையில் எதிரி, உள்ளே காட்டிக்கொடுக்கும் ஆலோசகன், முலான் எச்சரித்தும் கேட்காத தளபதி, எல்லாமே ஜனங்களுக்கு யார் யார் என்று புரிந்தது, படம் பிரமாதமாக ஓடியது. ஆனால் 1940இல் போர்க்காலத் தலைநகராக இருந்த சோங்சிங்கில் திரையிட்டபோது, எடுத்தவர்களுக்கு ஜப்பானியரோடு தொடர்பு என்று குற்றம்சாட்டிப் பிரதிகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். தேசபக்திப் படத்தை தேசபக்தர்கள் எரித்த கதை.

1951இல் யூ என்னும் ஹெனான் வட்டார இசை நாடகத்தின் கலைஞர் சாங் ஷியாங்யூ முலான் வேடம் கட்டி ஊர் ஊராக நடித்து, கொரியப் போருக்கு ஒரு போர் விமானம் வாங்கிக் கொடுக்கப் பணம் திரட்டினார். பெண்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்கள் என்று யார் சொன்னது என்ற அவருடைய பாட்டு இன்றும் சீனாவில் பல பேருக்கு மனப்பாடம். கதையில் குதிரை வாங்கிய முலான் நிஜத்தில் விமானம் வாங்கினாள்.

முலான் முதுகில் எழுத்துகளைக் கீறும் காட்சி எந்தப் பதிப்பில் வரும்?

அது முலான் கதையே இல்லை. யுவே ஃபெய் என்ற சோங் காலத் தளபதியின் முதுகில் அவர் அம்மா எழுத்துப் பொறித்ததாகச் சொல்லும் கதை. 1976இல் வந்த ஓர் அமெரிக்க நூல், எழுதியவர் மாக்சின் ஹாங் கிங்ஸ்டன், அதை எடுத்து முலானுக்குப் பொருத்தியது. குடும்பத்தின் வஞ்சங்களைப் பெற்றோர் மகள் முதுகில் கத்தியால் எழுதுவார்கள். மூலத்தைக் கெடுத்துவிட்டார் என்று திட்டியவர்கள் உண்டு. அம்மா சொன்ன கதைகளைப் பாதி புரிந்து வளர்ந்த புலம்பெயர்ந்த வீட்டு மகளின் தலையில் கதைகள் அப்படித்தான் கலந்து கிடக்கும் என்பது அவர் பக்கத்து நியாயம். நான் இவர் கட்சி.

2020 படம் மூலத்துக்கு நெருக்கம் என்கிறார்களே?

டிஸ்னி நடிகர்களை வைத்து எடுத்த இந்தப் படம், பழைய கார்ட்டூனில் இருந்த டிராகனையும் பாட்டுகளையும் நீக்கியதால் அப்படி ஒரு தோற்றம். ஒரு விஷயத்தில் நெருக்கம்தான்: காயம்பட்டு மாட்டவில்லை, தானே முடிவெடுத்துக் கூந்தலை அவிழ்த்து, கவசத்தைக் கழற்றிவிட்டுச் சண்டைக்குள் போகிறாள். ஆனால் எங்கே காட்டுகிறாள் என்று பாருங்கள். பாட்டில் வீட்டு வாசலில், இங்கே போர்க்களத்தில். மறைத்து வைத்தது ஒரு பொய், பொய் அவள் சக்தியைக் கெடுக்கிறது என்பது படத்தின் வாதம். ஆண் வேடம் ஒரு குற்றம், உண்மையான தன்னை வெளிப்படுத்தினால்தான் முழு பலம் வரும் என்பது நம் காலத்து நம்பிக்கை. பாட்டு முலானுக்கு வேடம் பொய்யும் இல்லை, அவளுடைய உண்மை முகத்தைத் தேடும் பயணமும் இல்லை. அது வேலைக்குப் போட்ட உடுப்பு.

பிறவியிலேயே அபார சக்தி உள்ளவள் என்று மாற்றியதும் எனக்குப் பிடிக்கவில்லை. தறியில் உட்கார்ந்திருந்த பெண் குதிரை வாங்கிக்கொண்டு போனாள் என்பதில் இருந்த தைரியம், பிறவி வரம் என்றதும் பாதியாகிவிடுகிறது.

முலான் என்றால் என்ன அர்த்தம்?

சீனத்தில் மக்னோலியா மரத்துக்குச் சொல்லும் பெயர். ஷியான்பெய் பெயர் ஒன்றைச் சீன எழுத்தில் எழுதியதாக இருக்கலாம் என்றும் சிலர் வாதிடுகிறார்கள். ‘ஹுவா’ என்றால் பூ, அதைச் சேர்த்தவர் சூ வெய். பாட்டில் அவளுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, பன்னிரண்டு சுருளிலும் அப்பா பெயர் இருந்தது, அது என்ன பெயர் என்றும் பாட்டு சொல்லவில்லை.